சிவப்புக்கு இரண்டு வோல்ட், நீலத்துக்கு மூன்று

சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாக எல்.இ.டி. வாங்குகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடம்: "ரெட்டுன்னா ரெண்டு வோல்ட், ப்ளூவுக்கும் ஒயிட்டுக்கும் மூணு வோல்ட்." ஏன் அப்படி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கையில் எடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. தெளிவான பிளாஸ்டிக் தலை கொண்ட சிவப்பும் நீலமும் அணைந்திருக்கும்போது பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் ஒரு குட்டிக் கிண்ணம், அதற்குள் கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு சில்லு, அதைத் தொடும் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ஒளியின் நிறத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சம்பந்தமில்லை. நிறம் அந்தச் சில்லுக்குள் இருக்கிறது. வோல்ட்டும் அங்கேதான் முடிவாகிறது. இரண்டையும் முடிவு செய்வது ஒரே ஓர் எண்.

அந்த எண்ணுக்குப் பெயர் ஆற்றல் இடைவெளி. குறைகடத்திப் படிகத்தில் எலக்ட்ரான்கள் தங்களுக்கு விருப்பமான எந்த ஆற்றலோடும் இருந்துவிட முடியாது. அணுக்களைப் பிணைத்து நிற்கும் எலக்ட்ரான்கள் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பாடநூல்கள் இதை இணைதிறன் பட்டை என்று சொல்லும். பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓடித்திரியும் எலக்ட்ரான்கள் மேல்தட்டில், அதாவது கடத்து பட்டையில் இருக்கின்றன. படிக்கட்டே இல்லாத மாடி வீடு மாதிரி இது. மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம், நடுவில் நிற்க இடமில்லை. ஏறுவதானால் முழு உயரத்தையும் ஒரே தாவலில் ஏற வேண்டும், இறங்குவதானால் முழு உயரத்தையும் ஒரே குதியில் இறங்க வேண்டும். அந்த உயரம்தான் ஆற்றல் இடைவெளி. பொருளுக்குப் பொருள் அது மாறும்.

இந்த உயரத்தை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல் அது. சிலிக்கானின் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், காலியம் ஆர்சினைடுக்கு 1.42, காலியம் நைட்ரைடுக்கு சுமார் 3.4.

கீழ்த்தட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் போய்விட்டால் அங்கே ஒரு காலியிடம் விழுகிறது. அதைத் துளை என்கிறோம். பக்கத்து எலக்ட்ரான் அதை நிரப்ப நகரும்போது காலியிடமும் நகர்கிறது. அதனால் துளையே ஒரு நேர்மின் துகள் போல நடந்துகொள்கிறது. எல்.இ.டி. சில்லில் ஒரு பக்கம் எலக்ட்ரான்கள் மிகுந்த என் வகைப் பொருள், மறு பக்கம் துளைகள் மிகுந்த பி வகைப் பொருள். இரண்டும் சேரும் சந்திப்பில் இயல்பாகவே ஒரு மின்புலம் உருவாகி, இருதரப்பும் கலக்காமல் தடுத்து நிற்கிறது.

பேட்டரியின் நேர்முனையை பி பக்கமும் எதிர்முனையை என் பக்கமும் இணைத்தால் அந்தத் தடுப்பு தாழ்கிறது. இந்தப் பக்கமிருந்து எலக்ட்ரான்களும் அந்தப் பக்கமிருந்து துளைகளும் சந்திப்புப் பகுதிக்குள் வந்து சேர்கின்றன. அங்கே ஓர் எலக்ட்ரான் மேல்தட்டிலிருந்து கீழே குதித்து ஒரு துளையை நிரப்புகிறது. இதுதான் மறு இணைப்பு. குதித்த உயரத்துக்குச் சமமான ஆற்றல் ஒரே ஒரு ஒளித்துகளாக, ஃபோட்டானாக, வெளியேறுகிறது.

ஒரு ஃபோட்டானின் ஆற்றல் தெரிந்தால் அதன் நிறமும் தெரிந்துவிடும். 1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். திருப்பிப் போட்டாலும் சரி. சிவப்பு எல்.இ.டி.யின் அலைநீளம் சுமார் 625 நானோமீட்டர். 1240-ஐ 625-ஆல் வகுத்தால் 1.98. பச்சைக்கு 525 என்று கொண்டால் 2.36. நீலத்துக்கு 465 என்றால் 2.67. வாய்ப்பாட்டுக்கு விடை இதில் இருக்கிறது. ஓர் எலக்ட்ரானை 1.98 எலக்ட்ரான் வோல்ட் உயரத்துக்குக் கொண்டு வைக்க ஏறக்குறைய இரண்டு வோல்ட் வேண்டும். நீலத்துக்கு 2.67 போதுமே, மூன்று ஏன் என்று கேட்கலாம். சில்லின் அடுக்குகளிலும் கம்பி தொடும் இடங்களிலும் உள்ள மின்தடை மீதியைத் தின்றுவிடுகிறது. மின்னோட்டத்தை மிகக் குறைத்தால் அந்த இழப்பும் குறையும். படிகத்தின் வெப்பமும் எலக்ட்ரான்களுக்குச் சற்றுக் கைகொடுப்பதால், இடைவெளிக்குக் கொஞ்சம் குறைவான வோல்ட்டிலேயே மங்கலான ஒளி தொடங்கிவிடும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இதை நேரில் பார்க்கலாம். டையோடு சோதனை நிலையில் மீட்டரே ஒரு சிறிய வோல்ட்டைக் கொடுக்கும். சிவப்பை வைத்தால் மங்கலாக எரியும், திரையில் 1.7, 1.8 என்று ஏதோ ஓர் எண் வரும். நீலத்தை வைத்தால் பல மலிவு மீட்டர்களில் எதுவுமே நடக்காது. எல்.இ.டி. கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அந்த உயரத்துக்குத் தூக்க மீட்டரின் வோல்ட் பற்றவில்லை, அவ்வளவுதான்.

நிறத்தை இடைவெளி முடிவு செய்கிறது என்றால், வேண்டிய நிறத்துக்கு வேண்டிய இடைவெளியைத் தேட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சிலிக்கானில் தொடங்கினால் முதல் அடியிலேயே வழி அடைபடுகிறது. அதன் 1.12-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 1107 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைக்கூட சிலிக்கான் ஒழுங்காக உமிழ்வதில்லை. எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டுமன்றி உந்தமும் உண்டு. சிலிக்கானில் மேல்தட்டின் அடிமட்டத்தில் இருக்கும் எலக்ட்ரானின் உந்தமும், கீழே காத்திருக்கும் துளையின் உந்தமும் பொருந்துவதில்லை. அந்த வித்தியாசத்தைத் தாங்க அதே கணத்தில் படிகத்தின் ஓர் அதிர்வும் கூடவே சேர வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது அபூர்வம். அதற்குள் எலக்ட்ரான் படிகத்தில் உள்ள ஏதாவது ஒரு குறையில் சிக்கி, ஆற்றலை வெப்பமாக விட்டுவிட்டுக் கீழே போய்விடும். இத்தகைய பொருள்களுக்கு மறைமுக இடைவெளிப் பொருள்கள் என்று பெயர். காலியம் ஆர்சினைடு போன்றவை நேரடி இடைவெளிப் பொருள்கள். அவற்றில் உந்தம் பொருந்துவதால் மறு இணைப்பு சட்டென்று நடந்து ஒளியாகிறது.

காலியம் ஆர்சினைடும் 870 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பைத்தான் தரும். அதில் ஆர்சனிக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாஸ்பரஸைச் சேர்த்தால் இடைவெளி அகலும். இப்படிக் கலந்து செய்த படிகத்தில்தான் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஹோலோன்யாக் 1962-ல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைக் கொண்டுவந்தார். பாஸ்பரஸைக் கூட்டிக்கொண்டே போனால் மஞ்சள், பச்சை என்று போகலாமே என்று தோன்றும். ஆனால் பாதி அளவை நெருங்குவதற்கு முன்பே அந்தக் கலவை மறைமுக இடைவெளிப் பொருளாக மாறிவிடுகிறது. நிறம் வரும், வெளிச்சம் வராது. பழைய பச்சை எல்.இ.டி.கள் எப்போதும் சோகையாக எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

நீலத்துக்குக் காலியம் நைட்ரைடு பொருத்தமான நேரடி இடைவெளிப் பொருள். அதன் 3.4 புற ஊதாவில் போய் விழும். கொஞ்சம் இண்டியம் கலந்தால் இடைவெளி குறைந்து நீலத்துக்கு வரும். கணக்கு எளிது, படிகம்தான் படுத்தியது. அதை வளர்க்கப் பொருத்தமான அடித்தளம் கிடையாது. சபையர் மேல் வளர்த்தால் அணு வரிசைகள் பொருந்தாமல் படிகம் கோணல்மாணலாக வந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமனோவும் 1986-ல், நடுவில் ஒரு மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை இட்டு அதைச் சரிசெய்தார்கள்.

அடுத்த சிக்கல் துளைகள். காலியம் நைட்ரைடில் மக்னீசியத்தைச் சேர்த்தால் துளைகள் உருவாக வேண்டும். உருவாகவில்லை. 1989-ல் அகசாகி, அமனோ குழு, மக்னீசியம் சேர்த்த படிகத்தின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அது பி வகையாக மாறுவதைக் காட்டியது. தொகுஷிமா வட்டாரத்தில் நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஷூஜி நகமுரா, கற்றையெல்லாம் வேண்டாம், சூடுபடுத்தினாலே போதும் என்று 1992-ல் கண்டார். காரணமும் தெளிவாயிற்று. படிகத்தை வளர்க்கும் வாயுக்களில் இருந்து வந்த ஹைட்ரஜன் ஒவ்வொரு மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கி இருந்தது. சூட்டில் ஹைட்ரஜன் வெளியேறியதும் துளைகள் வந்தன. அடுத்த ஆண்டே பிரகாசமான நீல எல்.இ.டி.யை நிச்சியா அறிவித்தது. மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. இந்த நீலத்தின் மறுவடிவம்தான். வெள்ளைக்கென்று ஓர் இடைவெளி இருக்க முடியாது, ஏனென்றால் வெள்ளை ஒற்றை அலைநீளமே அல்ல. அணைந்த வெள்ளை எல்.இ.டி.யை உற்றுப் பார்த்தால் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு தெரியும். உள்ளே இருப்பது நீலச் சில்லு. அந்தப் பூச்சு நீல ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழ்கிறது, மிஞ்சிய நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஒரே மூன்று வோல்ட் என்பதும் இதனால்தான்.

எல்லா மறு இணைப்பும் ஒளியாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிகக் குறையில் சிக்கி நடக்கும் மறு இணைப்பு வெப்பத்தை மட்டுமே தரும். மின்னோட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலும் இழப்பு கூடும். சந்திப்பில் கூட்டம் நெரிந்து, ஓர் எலக்ட்ரான் கீழே குதிக்கும் ஆற்றலை ஃபோட்டானாக விடாமல் பக்கத்து எலக்ட்ரானிடமே கொடுத்துவிடும். சில்லு சூடேறினால் இடைவெளியே சற்றுச் சுருங்கும். அதனால் சூடான எல்.இ.டி.யின் நிறம் சிவப்புப் பக்கம் சற்று நகரும். இதற்கு நேர்மாறான காட்சியைக் கல்லூரி ஆய்வகங்களில் காட்டுவார்கள். சிவப்பு எல்.இ.டி.யைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் இடைவெளி விரிந்து அது ஆரஞ்சாக மாறும். அப்போது அளந்து பார்த்தால் வோல்ட்டும் ஏறியிருக்கும்.

இதுவரை மேலிருந்து கீழே குதிப்பதைப் பார்த்தோம். ஒளி டையோடில் கதை கீழிருந்து மேலே போகிறது. வெளியிலிருந்து வரும் ஃபோட்டானை ஒரு எலக்ட்ரான் விழுங்கி மேல்தட்டுக்கு ஏறுகிறது, கீழே துளை விழுகிறது. அப்படியே விட்டால் இரண்டும் சற்று நேரத்தில் மீண்டும் இணைந்து ஒன்றும் இல்லாமல் போகும். எல்.இ.டி.க்கு உயிரான மறு இணைப்பு இங்கே நஷ்டக் கணக்கு. சந்திப்பில் உள்ள மின்புலம்தான் காப்பாற்றுகிறது. அது எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறு பக்கமும் இழுத்துப் பிரித்துவிடுகிறது. பிரிந்தவை வெளிச்சுற்று வழியாக ஓடும்போது நமக்கு மின்னோட்டம் கிடைக்கிறது. பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால், அதாவது பின்னோக்குச் சார்பு கொடுத்தால், மின்புலம் இருக்கும் பகுதி அகலும். பிரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். வேகமான ஒளி டையோடுகளை இப்படித்தான் இயக்குகிறார்கள்.

இங்கே ஒரு சமச்சீரின்மை இருக்கிறது. இடைவெளியைவிடக் குறைந்த ஆற்றல் கொண்ட ஃபோட்டானால் எலக்ட்ரானைத் தூக்கவே முடியாது. அது படிகத்தைக் கடந்து போய்விடும். இடைவெளியைவிட அதிக ஆற்றல் கொண்டது எதுவானாலும் தூக்கிவிடும். உபரி ஆற்றலோடு மேலே போன எலக்ட்ரான் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் எத்தனையோ மடங்கு முன்பே அந்த உபரியை வெப்பமாக விட்டு, மேல்தட்டின் அடிமட்டத்துக்கு வந்து சேரும். எல்.இ.டி. எப்போதும் அந்த அடிமட்டத்திலிருந்தே குதிப்பதால் ஏறக்குறைய ஒரே நிறம் தருகிறது. ஒளி டையோடோ ஓர் எல்லைக்கு மேற்பட்ட எல்லா நிறங்களையும் ஏற்கிறது, எது என்ன நிறம் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

இரண்டு எல்.இ.டி.யும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் இதை மேசையிலேயே சோதிக்கலாம், ஏனென்றால் எல்.இ.டி.யும் ஒரு சுமாரான ஒளி டையோடுதான். தெளிவான தலை கொண்ட சிவப்பு ஒன்றும் பளிச்சென்ற பச்சை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பின் கால்களை மீட்டரில் இணைத்து, டி.சி. வோல்ட் நிலையில் வையுங்கள். பச்சையைத் தகுந்த மின்தடையோடு எரியவிட்டு, தலையோடு தலை முட்டுமாறு பிடியுங்கள். மீட்டரில் வோல்ட் ஏறும். இப்போது இடம் மாற்றுங்கள். மீட்டரில் பச்சை, எரிவது சிவப்பு. வோல்ட் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே கிடக்கும். எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் சிவப்பின் 1.98 பச்சையின் 2.36-ஐத் தாண்ட உதவாது. இரண்டாவது சோதனையிலும் வோல்ட் வந்தால் அறை விளக்கின் ஒளி நுழைகிறது என்று அர்த்தம். கறுப்புத் துணியால் மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள். நிறமேற்றிய தலை கொண்டவற்றை இதற்கு எடுக்கக் கூடாது. சாயமே வேண்டாத நிறங்களை வடிகட்டிவிடுவதால், நீங்கள் பார்ப்பது சில்லின் வேலையா சாயத்தின் வேலையா என்று பிரிக்க முடியாது.

இதை விளையாட்டோடு விட்டுவிடாமல் கருவியாக்கியவர் அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மிம்ஸ். சூரிய ஒளியை வளிமண்டலத் தூசு எவ்வளவு மறைக்கிறது என்று அளக்க, விலையுயர்ந்த வடிகட்டிகளுக்குப் பதிலாக எல்.இ.டி.களையே உணரிகளாக வைத்து அவர் ஒளிமானிகள் செய்தார். ஒரு எல்.இ.டி. தன் இடைவெளிக்குக் கீழே உள்ள நிறங்களைத் தானாகவே விட்டுவிடுகிறது, சில்லின் மேலடுக்குகள் மிகக் குறுகிய அலைநீளங்களையும் பெருமளவு தடுத்துவிடுகின்றன. எஞ்சுவது ஒரு குறுகிய பட்டைதான்.

எல்.இ.டி.யும் ஒளி டையோடும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க, கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்துவிட்ட விரல்நுனி ஆக்சிமீட்டர் போதும். ஒரு தாடையில் 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி., 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. எதிர்த் தாடையில் ஒரே ஒரு சிலிக்கான் ஒளி டையோடு. கணக்குப் போட்டால் சிவப்பு 1.88, அகச்சிவப்பு 1.32. இரண்டும் சிலிக்கானின் 1.12-க்கு மேல் என்பதால் ஒரே டையோடு இரண்டையும் பார்த்துவிடும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது இதற்கு நேர்மாறு. ஆகவே இரண்டு நிறங்களும் எந்த விகிதத்தில் கடந்து வருகின்றன என்பதே விடை.

ஆனால் டையோடுக்கு நிறம் தெரியாதே. அதனால் கருவி இரண்டு எல்.இ.டி.களையும் ஒரே நேரத்தில் எரிப்பதில்லை. சிவப்பு, பிறகு அகச்சிவப்பு, பிறகு இரண்டும் அணைந்த ஒரு சிறு இடைவேளை என்று நொடிக்குப் பல தடவை மாற்றி மாற்றி எரிக்கிறது. எந்தக் கணத்தில் வந்த மின்னோட்டம் எந்த நிறத்துக்கு உரியது என்பதை நேரத்தை வைத்தே அறிகிறது. அணைந்திருக்கும்போது வருவது அறையின் ஒளி, அதைக் கழித்துவிடுகிறது. நேர் வெயில் விழுந்தால் அந்தக் கழித்தல் தடுமாறும். அடர்ந்த நகப்பூச்சு இரண்டு நிறங்களையும் ஒரே அளவில் மறைக்காமல் விகிதத்தைக் கெடுக்கும். நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து விரலை வைத்தால் எண்ணை நம்பலாம்.